அண்ணனுக்கும் சோறு, தம்பிக்கும் சோறு... தீர்ப்பு மட்டும் கிடையாது!

ஆகஸ்ட் 29-ம் தேதி கொடியேறிவிட்டால், செப்டம்பர் 8-ம் தேதி மாதா பிறந்தநாள் வரைக்கும் வேளாங்கண்ணியில் எந்த வீட்டிலும் பாய்க்கு ஓய்வு கிடையாது. காவி உடுத்தி நடந்து வருகிறவர்கள் ஒருபுறம், பஸ்ஸிலும் ரயிலிலும் வந்து இறங்கும் சொந்தக்காரர்கள் இன்னொருபுறம். ஊரிலேயே வாழ்க்கைப்பட்ட பெண்களுக்குத் திருவிழா என்றால் பெரிய உலை வைப்பதுதான் முதல் வேலை.

அப்படி ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஓர் அண்ணன், ஒரு தம்பி. அப்பா உயில் எழுதாமல் போய்விட்டார். அம்மாவும் போன வருஷம் தவறிவிட்டார். மிச்சம் இருப்பது ஆறு மா நஞ்சை, அதாவது சுமார் இரண்டு ஏக்கர். அண்ணன் ஊரிலேயே இருந்து சாகுபடி செய்கிறார். தம்பிக்குத் திருப்பூரில் வேலை. நிலத்தை விற்றுப் பங்கைக் கொடுத்துவிடச் சொல்கிறார். ‘அம்மாவோட ஆஸ்பத்திரிச் செலவையெல்லாம் நான்தானே பார்த்தேன்’ என்பது அண்ணன் வாதம். ‘இத்தனை வருஷ வெள்ளாமை எங்கே போச்சு?’ என்பது தம்பி வாதம். இருவரும் பேசி ஆறு மாதம் ஆகிறது. ஆனால், இருவருமே வாரம் தவறாமல் இவருக்குப் போன் போடுகிறார்கள்.

‘‘நீ ஒரு வார்த்தை சொன்னா அவன் கேப்பாம்மா’’ என்கிறார் அண்ணன். ‘‘அக்கா, நீயே நியாயத்தைச் சொல்லு’’ என்கிறார் தம்பி. திருவிழாவுக்கு இருவரும் வரப்போகிறார்கள். இவர் என்ன செய்ய வேண்டும்?

மூன்றாவது ஆள் எதற்கு?

அண்ணனும் தம்பியும் கேட்பது ஒன்றுபோலத் தெரிந்தாலும், யாருமே தீர்ப்புக் கேட்கவில்லை. இருவருக்கும் வேண்டியது துணைக்கு ஓர் ஆள். ‘நியாயத்தைச் சொல்லு’ என்பதற்கு, ‘நான் சொல்வதுதான் நியாயம் என்று சொல்லு’ என்று அர்த்தம்.

அமெரிக்க மனநல மருத்துவர் முர்ரே போவன் இதைக் குடும்பங்களில் காணும் ‘முக்கோணம்’ என்றார். இருவருக்குள் கொதிப்பு ஏறும்போது, அதைத் தாங்க முடியாமல் மூன்றாவது ஒருவரை உள்ளே இழுக்கிறார்கள். அவரிடம் புலம்பியதும் கொஞ்சம் சூடு தணியும். தணிந்துவிட்டதால் எதிராளியிடம் நேரில் பேச வேண்டிய அவசரம் போய்விடும். சண்டை தீராமல் அப்படியே கிடக்கும். காது கொடுத்துக் கேட்கிற நல்ல மனசுக்காரரே சண்டை நீடிக்கக் காரணமாகிவிடுவது இப்படித்தான்.

போவன் இதைச் சொந்த வீட்டிலேயே சோதித்துப் பார்த்தவர். ஐந்து பிள்ளைகளில் மூத்தவரான அவரிடம், ஊரிலிருக்கும் குடும்பத்தார் ஒருவரைப் பற்றி ஒருவர் சொல்வது வழக்கம். வெளியே தெரியாமல் கேட்டுக்கொள்வதை அவர் நிறுத்தினார். ‘உன்னைப் பற்றி இப்படி ஒரு பேச்சு என் காதுக்கு வருகிறது’ என்று சம்பந்தப்பட்டவருக்கே கடிதம் எழுதிவிட்டு ஊருக்குப் போனார். வீட்டில் கோபம் வந்தது. ஆனால், பேச வேண்டியவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்டார்கள். 1967-ல் ஒரு கருத்தரங்கில் அவர் இதைச் சொன்னார். 1972-ல் அச்சில் வந்தபோது தன் பெயரைப் போடவில்லை.

நம் வீடுகளில் அந்த அளவுக்குக் கடிதம் எழுத வேண்டியதில்லை. ஆனால், அவர் பிடித்த நூல் நமக்கும் உதவும்: இருவரோடும் உறவு வேண்டும், இருவருக்கும் நடுவில் ரகசியம் வேண்டாம்.

ஒரே வார்த்தை, இரண்டு பேருக்கும்

வேளாங்கண்ணிப் பெண் முதலில் செய்ய வேண்டியது, மறுப்பை வாய்விட்டுச் சொல்வது. மழுப்பினால், ‘இன்னும் கொஞ்சம் வற்புறுத்தினால் வந்துவிடுவாள்’ என்றே தோன்றும்.

‘‘அண்ணே, நீங்க ரெண்டு பேருமே எனக்கு வேணும். இந்தக் கணக்கை நீங்க தம்பிகிட்டயே பேசிக்குங்க. உங்களுக்காக அவன்கிட்ட பேச மாட்டேன், அவனுக்காக உங்ககிட்டயும் பேச மாட்டேன். இதையேதான் அவன்கிட்டயும் சொல்லப் போறேன்.’’

கடைசி வரிதான் முக்கியம். அன்றைக்கே தம்பிக்கும் போன் போட்டு, ஏறக்குறைய இதே வார்த்தைகளில் சொல்லிவிட வேண்டும். ஒருவரிடம் மென்மையாகவும் இன்னொருவரிடம் கறாராகவும் சொன்னால், அந்த வித்தியாசமே பக்கச் சாய்வாகிவிடும்.

சொல்லியாகிவிட்டது என்று நிம்மதியாக இருக்க முடியாது. உறுதி மூன்று இடங்களில் ஒழுகும். முதலாவது, ‘ம்’. அரை மணி நேரம் அண்ணன் புலம்ப, மரியாதைக்கு ‘ம்... ஆமாண்ணே’ என்று கேட்டுக்கொண்டிருந்தால், மறுநாள் அது தம்பியின் காதில் ‘தங்கச்சியே ஒத்துக்கிட்டா’ என்று விழும். நிலத்துப் பேச்சு ஆரம்பித்ததும், ‘‘உங்களுக்குக் கஷ்டமா இருக்குன்னு தெரியுதுண்ணே. ஆனா, அதை அவன்கிட்ட சொல்லுங்க. அண்ணிக்கு மூட்டு வலி எப்படி இருக்கு?’’ என்று பேச்சைத் திருப்பிவிடலாம். வருத்தத்தை மதிக்கலாம், குற்றச்சாட்டுக்குத் தலையாட்ட வேண்டியதில்லை.

இரண்டாவது, தூது. ‘பத்திரம் அவன்கிட்டயா இருக்குன்னு மட்டும் கேட்டுச் சொல்லு’ என்பது சின்ன உதவி போலத்தான் தெரியும். பதில் பிடிக்காமல் போனால், கொண்டுவந்தவர் மீது சந்தேகம் விழும். மூன்றாவது, வாட்ஸ்அப். தம்பி அனுப்பிய குரல் பதிவை, ‘அவன் எவ்வளவு வருத்தப்படுறான் பாருங்க’ என்று நல்லெண்ணத்தில் அண்ணனுக்கு அனுப்பிவிட்டால், அந்தக் குரல் அடுத்த ஆறு மாதத்துக்குச் சாட்சியாக ஓடும்.

பலராமனும் உதியனும்

ஒதுங்கி நிற்பதிலும் இரண்டு விதம் உண்டு. மகாபாரதத்தில் பலராமனுக்கு இரண்டு பக்கமும் வேண்டியவர்கள். பீமன், துரியோதனன் இருவருமே அவரிடம் கதாயுதம் பயின்றவர்கள். போர் வேண்டாமென்று அவர் தீர்த்த யாத்திரை கிளம்பிவிட்டார். ஆனால், கடைசி நாளில் திரும்பி வந்து இரண்டு மாணவர்களின் சண்டையைப் பார்த்தார். பீமன் விதியை மீறித் தொடையில் அடித்ததும், கலப்பையைத் தூக்கிக்கொண்டு அவனை அடிக்கப் பாய்ந்தார். கிருஷ்ணன் தடுக்க வேண்டியிருந்தது. அவர் களத்தை விட்டுத்தான் விலகியிருந்தார், மனசு விலகவில்லை. போனை எடுக்காமல், விசேஷத்துக்கும் போகாமல் ஒதுங்கிவிட்டு, என்றைக்கோ ஒருநாள் கல்யாண வீட்டில் வெடிக்கிற உறவினர்கள் இந்த வகை.

நம் சங்க இலக்கியத்தில் இன்னொருவர் இருக்கிறார். சேர மன்னன் பெருஞ்சோற்று உதியன் சேரலாதன். பாரதப் போரில் இரண்டு படைகளுக்கும் சோறு போட்டவர் என்பது அவர் பெயருக்குச் சொல்லப்படும் விளக்கம். வரலாறாக இது எவ்வளவு தூரம் நிற்கும் என்பது வேறு விஷயம். ஆனால், இரண்டு தரப்புக்கும் உணவு கொடுத்ததையே பெருமையாக நினைத்திருக்கிறது தமிழ் மரபு.

திருவிழா வீட்டுக்கு உதியன் வழிதான் சரி. இருவரையும் கூப்பிட வேண்டும். ‘தம்பியும் ஏழாம் தேதி தேர் பார்க்க வர்றான்’ என்று அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், தம்பியிடமும் அப்படியே. ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவரை வரவழைத்து, மாதா சந்நிதியில் கைகோக்க வைக்கலாம் என்று திட்டம் போடுவதும் நடுவர் வேலைதான். ஒரு வேளை அண்ணன் தேதியை மாற்றிக்கொண்டால் மாற்றிக்கொள்ளட்டும். அவருக்கும் அதே குழம்பு, அதே பாய்.

முதலில் இருவருக்குமே கோபம் வரும். ‘நீ அவன் பக்கம் சாஞ்சிட்டே’ என்று இரண்டு பக்கமிருந்தும் ஒரே பழி வந்தால், தராசு நேராக நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். சில வாரங்களில் போனில் பேரப்பிள்ளைகள் பேச்சும் மழைப் பேச்சும் திரும்பி வந்தால், வழி சரி. மாறாக, ஒருவர் வந்துபோனதை இன்னொருவரிடம் மறைக்கத் தோன்றினாலோ, ராத்திரி படுத்துக்கொண்டு ஒருவருக்காக மனசுக்குள் வாதாடிக்கொண்டிருந்தாலோ, தெரியாமலே ஒரு பக்கம் போய்விட்டோம் என்று அர்த்தம்.

உங்கள் பங்கு வேறு, அவர்கள் சண்டை வேறு

இந்த வீட்டில் எல்லோரும் மறந்துபோன ஒன்று இருக்கிறது. அந்தப் பெண் மூன்றாம் மனுஷியே அல்ல. கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பொருந்தும் 1925-ம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாத பெற்றோரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. ஆறு மாவில் இரண்டு மா இவருடையது.

நடுவர் வேலையை மறுக்க இதைவிட நேர்மையான காரணம் இல்லை. 2023-ம் வருட மத்தியஸ்தச் சட்டமே, நடுவராக வருகிறவர் தனக்கு அந்த விஷயத்தில் ஏதாவது சம்பந்தம் இருந்தால் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. பயிற்சி பெற்றவருக்கே அப்படி என்றால், பங்குதாரரான தங்கை எப்படித் தீர்ப்புச் சொல்ல முடியும்?

அதே நேரம், ஒதுங்குகிறேன் என்று தன் பங்கிலும் வாயை மூடிக்கொண்டால் அது இன்னொரு தவறு. சமாதானத்துக்காக ஒருவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால், அதுவே ஒரு பக்கம் சாய்ந்ததாகிவிடும். ‘என் இரண்டு மா பற்றி நான் இன்னும் முடிவு பண்ணல. பண்ணினா உங்க ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல சொல்றேன். அதுவரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்’ என்று சொல்லலாம். இது தன்னைப் பற்றிய பேச்சு. அவர்களைப் பற்றிய தீர்ப்பு அல்ல.

பேச்சு அவர்களுக்குள் முடியவே இல்லையென்றால், கைகாட்ட இடம் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-ல் தொடங்கிய சமரச மையத்தைப் போல மாவட்டங்களிலும் மையங்கள் உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலும் கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி கிடைக்கும். அங்கே பேசுகிறவர், யாருக்கும் அக்காவும் இல்லை, தங்கையும் இல்லை.

ஒரே ஓர் இடத்தில் இந்த ஒதுங்கல் கூடாது. சண்டையில் ஒருவர் அடிவாங்குகிறார், மிரட்டப்படுகிறார் என்றால் அது இருவர் சண்டை அல்ல. அங்கே அடிபடுகிறவர் பக்கம்தான் நிற்க வேண்டும். இந்த வீட்டில் இருப்பது கணக்குத் தகராறு. கணக்குப் போட இரண்டு பேர் போதும்.

தேர் முடிந்து, மெழுகுவத்தி வாங்கி, ஊருக்குக் கிளம்பும்போது அண்ணன் கேட்கலாம்: ‘‘அவன் என்னம்மா சொன்னான்?’’

‘‘சாப்பாடு நல்லாருக்குன்னு சொன்னான்ணே. மத்ததை நீங்களே கேட்டுக்குங்க. நம்பர் உங்ககிட்டதான் இருக்கே.’’