கோட்டின் இடமும் உயரமும்

அறுவைக்குப் பின் வரும் கடும் வலிக்கு மார்ஃபின் 10 மில்லிகிராம் ஊசியாகப் போடுவார்கள். ஏறத்தாழ அதே நிவாரணத்தை ஃபென்டனில் 0.1 மில்லிகிராமிலேயே தந்துவிடும். நூறில் ஒரு பங்கு போதும் என்றால் ஃபென்டனில் நூறு மடங்கு மேலான மருந்து என்று எண்ணத் தோன்றும். மருந்தியல் தேர்வுகளில் மாணவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடமும் இதுதான்.

இரண்டு மருந்துகளும் மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பணுக்களின் மேற்பரப்பில் இருக்கும் மியூ ஏற்பி என்ற ஒரே புரதத்தில்தான் போய் அமர்கின்றன. அமர்ந்து அதை முழுமையாக இயக்கும் மருந்துக்கு அகோனிஸ்ட், அதாவது இயக்கி என்று பெயர். மருந்தளவைக் கிடைக்கோட்டிலும் விளைவைச் செங்குத்துக் கோட்டிலும் குறித்தால் மருந்தளவு–விளைவு வரைகோடு கிடைக்கும். கிடைக்கோட்டில் 0.1, 1, 10, 100 என்று பத்து மடங்குகளைச் சம இடைவெளியில் வைப்பார்கள். அப்போது கோடு படுத்துக்கிடந்து, நடுவில் விறுவிறுவென ஏறி, மேலே போய்த் தட்டையாகும். அந்தத் தட்டையான உச்சத்தின் உயரமே செயல்திறன். உச்சத்தில் பாதி விளைவைத் தரும் அளவு எவ்வளவு குறைவோ, வீரியம் அவ்வளவு அதிகம். கோடும் அவ்வளவு இடப்பக்கம் நிற்கும்.

ஃபென்டனிலின் கோடு மார்ஃபினுடையதற்கு வெகு இடப்பக்கத்தில் நிற்கிறது. ஆனால் வலி தணிப்பில் இரண்டும் எட்டும் உயரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே வீரியம் என்பது எத்தனை மில்லிகிராம் வேண்டும் என்ற கணக்கே தவிர, மருந்தின் தரத்துக்கான மதிப்பெண் அல்ல. அந்தக் கணக்குக்கும் பயன் உண்டு. மிகச் சிறிய அளவு போதும் என்பதால்தான் ஃபென்டனிலைத் தோலில் ஒட்டும் பட்டையாகத் தர முடிகிறது. கள்ளச் சந்தையில் அதே மருந்து உயிரைப் பறிப்பதற்கும் காரணம் இதுவே: கலப்பவரின் கை இம்மியளவு பிசகினாலும் மூச்சு நின்றுவிடும்.

இடமும் உயரமும் வெவ்வேறு என்பதைப் புப்ரெனார்ஃபின் தெளிவாகக் காட்டிவிடுகிறது. 10 மில்லிகிராம் மார்ஃபினுக்கு ஈடாக இதில் 0.3 மில்லிகிராம் போதும். வீரியத்தில் மார்ஃபினை விஞ்சுகிறது. ஆனால் இது பகுதி இயக்கி: ஏற்பிகள் அனைத்தையும் நிரப்பினாலும் முழு விளைவைத் தராது. வலி தணிப்பில் வழக்கமான அளவுகளில் இந்தக் குறை அவ்வளவாகத் தெரிவதில்லை. மூச்சு மந்தமாவதில்தான் உச்சவரம்பு தெரிகிறது. ஓரளவுக்குமேல் மருந்தைக் கூட்டினாலும் மந்தம் அதே வீதத்தில் கூடுவதில்லை. மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்துவிட்டால் இந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது.

ஹெராயின் பழக்கத்திலிருந்து மீட்கவும் இதே மருந்து தரப்படுகிறது. அங்கே வேளை தவறினால் விபரீதம். புரிவதற்காக எண்களை வைத்துப் பார்க்கலாம். ஒருவரின் உடலில் ஹெராயினின் விளைவு நூற்றுக்கு 80 என்றும், புப்ரெனார்ஃபினின் உச்சம் 40 என்றும் கொள்வோம். ஏற்பியை இறுகப் பற்றும் புப்ரெனார்ஃபின், முன்னதைத் தள்ளிவிட்டு அமரும். விளைவு 80இலிருந்து 40க்குச் சரிய, வியர்வை, வாந்தி, உடல்வலி என்று விலகல் துன்பம் உடனே பிடித்துக்கொள்ளும். விளைவு தானாகவே 10க்கு இறங்கும்வரை பொறுத்திருந்து கொடுத்தால், அதே மருந்து 40க்கு ஏற்றி ஆறுதல் தரும். அதனால்தான் கடைசியாக ஹெராயின் எடுத்துப் பல மணி நேரம் கழிந்து, விலகல் அறிகுறிகள் தென்பட்ட பிறகே முதல் மாத்திரை கொடுக்கிறார்கள்.

நலாக்சோன் வேறு வகை. ஏற்பியில் அமரும், ஆனால் அதை இயக்காது, செயல்திறன் சுழியம். இத்தகைய தடுப்பிக்கு ஆன்டகோனிஸ்ட் என்று பெயர். மார்ஃபினோடு இடத்துக்குப் போட்டியிடுவதால், அதன் முன்னிலையில் மார்ஃபினின் கோடு வடிவம் மாறாமல் வலப்பக்கம் நகரும். உயரம் குறையாது, போதிய அளவு கூட்டினால் பழைய உச்சத்தை எட்டலாம். இந்தப் போட்டிக்கு மருத்துவமனையில் வேறொரு முகம் உண்டு. நலாக்சோனின் வேலை ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். நோயாளி விழுங்கியது மெதடோன் போன்ற நீடித்த மருந்தானால், கண் விழித்துப் பேசியவருக்கே மறுபடியும் மூச்சு அடங்கக்கூடும். எழுந்துவிட்டார் என்று உடனே வீட்டுக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் வைப்பது இதனால்தான். புப்ரெனார்ஃபினோ எளிதில் இடம் விடாது. அதை அகற்ற நலாக்சோன் கூடுதலாகத் தேவைப்படும்.

எல்லாத் தடுப்பிகளும் இப்படிப் போட்டிக்கு இடம் தருவதில்லை. அட்ரினலினை அளவுமீறிச் சுரக்கும் கட்டியை அகற்றுமுன் தரப்படும் ஃபீனாக்ஸிபென்சமின், ஆல்ஃபா ஏற்பிகளில் வேதிப்பிணைப்பால் நிரந்தரமாக ஒட்டிக்கொள்கிறது. தேவைக்கு மிஞ்சிய ஏற்பிகளும் அடைபட்டபின், அட்ரினலினை எவ்வளவு கூட்டினாலும் பழைய உச்சம் வராது. கோட்டின் உயரமே தாழும். புதிய ஏற்பிகளை அணுக்கள் உருவாக்கினால்தான் அது மீளும். ஆகையால் வரைபடத்தில் தாழ்ந்த கோடு ஒன்றைக் கண்டதும் பகுதி இயக்கி என்று முடிவுகட்டிவிட முடியாது. அந்த மருந்து தனியாக இருக்கிறதா, கூடவே தடுப்பி ஏதும் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.