சுற்றறிக்கையிலிருந்து குடியிருப்போர் அறிவிப்புக்கு: வினைமுற்றும் பொறுப்பும்

அரசு அலுவலகச் சுற்றறிக்கை ஒன்றைக் குடியிருப்போர் நலச்சங்கத்தின் அறிவிப்பாக மாற்றி எழுதும்போது, கடுஞ்சொற்களை நீக்கி எளிய சொற்களை இடுவதே பணி என்று பெரும்பாலும் கருதப்படுகிறது. 'நல்குதல்' என்பதைத் 'தருதல்' என்றும், 'நேர்வில்' என்பதை 'இருந்தால்' என்றும் மாற்றுவது எளிது. இடர் பெயர்ச்சொற்களில் இல்லை, வினைமுற்றுகளில் உள்ளது. மழைக்காலக் கொசு ஒழிப்புச் சுற்றறிக்கைகளின் நடையைப் பின்பற்றி இக்கட்டுரைக்கென அமைக்கப்பட்ட பின்வரும் மாதிரித் தொடர் இதனை விளக்கும்:

"ஏடிஸ் கொசுப்புழு உற்பத்தியைத் தடுக்கும் பொருட்டு, குடியிருப்புகளில் உள்ள நீர் சேமிப்புக் கலன்கள் வாரம் ஒருமுறை உட்புறம் தேய்த்துக் கழுவி உலர்த்தப்பட வேண்டும் எனவும், மேல்நிலைத் தொட்டிகள் கொசு புகா வண்ணம் மூடப்பட வேண்டும் எனவும், ஆய்வின்போது கொசுப்புழு கண்டறியப்படும் நேர்வில் தொடர்புடையோர் மீது அபராதம் விதிக்கப்படும் எனவும் இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது."

இத்தொடரில் கழுவுபவர், மூடுபவர், கண்டறிபவர், அபராதம் விதிப்பவர் ஆகிய நால்வரும் மறைந்துள்ளனர். செயப்பாட்டுவினை அவர்களைச் சொல்லாமல் விடுவதற்கு இடம் தருகிறது. அலுவலகத்திற்குள் இது குறையன்று. பெறுநர் பட்டியலும் பதவியின் அதிகாரமும் அந்த வெற்றிடத்தை நிரப்பிவிடும். அடுக்குமாடியின் அறிவிப்புப் பலகையில் அவ்வாறு நிரப்புவதற்கு எதுவும் இல்லை. எனவே மாற்றி எழுதுபவர் ஒவ்வொரு வினைக்கும் எழுவாயைத் தேடித் தரவேண்டியவராகிறார்.

சங்கங்கள் இங்கு இயல்பாக நாடுவது தன்மைப் பன்மையை. "வாரந்தோறும் தொட்டிகளைக் கழுவுவோம்" என்று எழுதினால் அன்பு தொனிக்கிறது. ஆயின், தற்காலத் தமிழில் முன்னிலையாரை உளப்படுத்தும் 'நாம்', அவரை விலக்கும் 'நாங்கள்' ஆகிய இரண்டிற்கும் 'ஓம்' என்னும் விகுதி ஒன்றே. எழுவாய் தொக்கு நிற்கையில் இவ்விரண்டையும் பிரித்தறிய வழியில்லை. சங்கச் செயலர் 'நாம் எல்லோரும் கழுவுவோம்' என்னும் கருத்தில் எழுதியதை, மூன்றாம் மாடியில் இருப்பவர் 'சங்கத்தார் வந்து கழுவித் தருவார்கள்' என்று படிக்கக்கூடும். அடுத்த வாரமும் அவர் வீட்டு ட்ரம் கழுவப்படாமலே இருந்தால், தவறு படித்தவருடையதன்று.

'கழுவலாமே' என்பது இதனினும் நயமானது, இதனினும் தீங்கானது. 'வேண்டும்' என்பதில் இருந்த கடப்பாடு, 'லாம்' என்றதும் விருப்பமாகிவிடுகிறது. 'கழுவுங்கள்' என்னும் ஏவற்பன்மையே இங்குப் பொருத்தம். அதில் மரியாதையும் உண்டு. செய்ய வேண்டியவர் யார் என்பதும் ஐயமின்றி விளங்கும்.

வினையெச்சங்களுக்கும் இக்கவனம் தேவை. 'தேய்த்து' என்பது வழக்கமான அலுவலக மிகைச்சொல் என்று கருதி, "தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்" எனச் சுருக்கத் தோன்றும். ஏடிஸ் கொசு நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, கலனின் உட்சுவரில் முட்டைகளை ஒட்டவைக்கிறது. அவை காய்ந்த நிலையிலும் சில மாதங்கள் உயிர்ப்புடன் இருந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். வெறுமே கொட்டினால் முட்டை போகாது. 'வாரம் ஒருமுறை' என்பதும் அலுவலர் விருப்பத்தால் அமைந்ததன்று. முட்டை முழுக்கொசுவாக வளர ஏறத்தாழ 7 முதல் 10 நாள்கள் ஆகும். சுற்றறிக்கை காரணத்தைச் சொல்லாமல் கட்டளையை மட்டும் தருகிறது. அண்டை வீட்டாரிடம் பேசும் அறிவிப்பு காரணத்தையும் சொல்ல வேண்டும். அச்சுறுத்தலின் இடத்தை அதுவே நிரப்பும்.

இவற்றைக் கருத்திற்கொண்டு மாற்றி எழுதினால் அறிவிப்பு இவ்வாறு அமையும்:

"அன்புடையீர், வணக்கம். டெங்குவைப் பரப்பும் கொசு வீட்டில் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் வளர்கிறது. ஞாயிறுதோறும் உங்கள் வீட்டு ட்ரம், வாளி, பூந்தொட்டித் தட்டு ஆகியவற்றின் நீரைக் கொட்டி, உட்புறத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள். முட்டைகள் சுவரில் ஒட்டியிருக்கும், தேய்த்தால்தான் போகும். மாடித் தொட்டிகளின் மூடிகளைச் சங்கம் சரிசெய்யும். கொசுப்புழு காணப்பட்டால் மாநகராட்சி அபராதம் விதிக்கும். அது வீட்டு உரிமையாளருக்கா, குடியிருப்பவருக்கா என்பதைச் சுகாதார ஆய்வாளரிடம் நாங்கள் கேட்டுத் தெரிவிக்கிறோம்."

இறுதித் தொடர் தனித்து நோக்கத்தக்கது. மூலத்தில் 'தொடர்புடையோர்' என்றிருப்பது உரிமையாளரையும் குறிக்கலாம், வாடகைக்கு இருப்பவரையும் குறிக்கலாம். எளிமைப்படுத்தும் ஆர்வத்தில் 'வீட்டுக்காரர்' என்று எழுதிவிட்டால், அலுவலகம் சொல்லாத ஒன்றைச் சங்கம் தீர்மானித்ததாகிவிடும். அச்சொல்லுக்கும் வழக்கில் அதே இருபொருள் உண்டு என்பது வேறு. மூலத்தின் தெளிவின்மையை ஊகத்தால் தெளிவாக்குவது மாற்றி எழுதுபவரின் உரிமைக்குள் வராது. 'மாநகராட்சி' என்னும் எழுவாயும் அவ்வாறே இன்றியமையாதது. அது இல்லையேல், இல்லாத தண்ட அதிகாரம் சங்கத்தின்மேல் ஏற்றப்படும். வாடகைக்கு இருப்பவர் செயலரிடம் சண்டைக்குச் செல்வார்.

அறிவிப்பின் அடியில் சுற்றறிக்கையின் ந.க. எண்ணும் நாளும் இடம்பெறுதல் வேண்டும். நட்புநடை அறிவிப்புகளில் பெரும்பாலும் முதலில் உதிர்வது இவ்வொரு வரியே. வழக்கு எழுமானால் செல்லுபடியாவது சங்கத்தின் சொற்களல்ல, அந்த எண்ணுக்குரிய மூலம்.