பிளாட்டில் விளைந்த நெல்

கிராமக் கணக்கு எண் 2. இதற்கு ஊர் வழக்கில் அடங்கல் என்று பெயர். எந்த சர்வே எண்ணில், எவ்வளவு பரப்பில், என்ன பயிர் நிற்கிறது என்று வயலில் இறங்கிப் பார்த்து எழுத வேண்டிய பதிவேடு இது. கிராம நிர்வாக அலுவலரின் கடமைகளில் முதல் வரிசையில் இருப்பது.

1980க்கு முன்பு இதை எழுதியவர் கர்ணம். அவருக்குக் கணக்கோடு வேலை முடிந்தது. வரி வசூலும் ஊர்க்காவலும் மணியக்காரர் பாடு. ஓடியாட தலையாரியும் வெட்டியானும் இருந்தார்கள். அந்தக் காலத்தை எண்ணி ஏங்க ஒன்றுமில்லை. பதவி பரம்பரையாக வந்தது, ஊர்க்கணக்கு கர்ணம் வீட்டுப் பெட்டியில் கிடந்தது. பட்டா விஷயமாகப் போனவர் திண்ணையில் காத்துக் கிடந்தார். எம்.ஜி.ஆர். அரசு 1980 நவம்பரில் அந்தப் பகுதிநேரப் பதவிகளை ஒழித்தது. வழக்குப் போட்டும் பலிக்கவில்லை. 1982இல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. தேர்வெழுதி முழுநேர வி.ஏ.ஓ.க்கள் வந்தார்கள். கர்ணத்தின் பேனாவும் மணியக்காரரின் தடியும் ஒரே ஆளின் கைக்குப் போனது அப்போதுதான்.

டெல்டாவில் எனக்குத் தெரிந்த வி.ஏ.ஓ. ஒருவரின் நவம்பர் காலை இது. சம்பா நெல்லுக்குக் காப்பீடு கட்டக் கெடு நெருங்குகிறது. அடங்கல் கேட்டு வாசலில் விவசாயிகள் நிற்கிறார்கள். அந்த நேரம் பார்த்து வாய்க்காலில் பிணம் ஒதுங்கியிருப்பதாக போன். ஆள் அடையாளம் தெரியவில்லை, சொந்தம் கொண்டாடவும் யாருமில்லை. அப்படியானால் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுக்க வேண்டியவர் வி.ஏ.ஓ.தான். மகஜரில் சாட்சிக் கையெழுத்துப் போட்டு நிமிர்வதற்குள், மழையில் விழுந்த குடிசைகளின் கணக்கு சாயங்காலத்துக்குள் வேண்டும் என்று தாலுகா ஆபீஸ் விரட்டுகிறது. வருமானச் சான்று மனுக்கள் கணினியில் காத்திருக்கின்றன. இதற்கு மேல் பக்கத்து ஊரும் அவருக்குக் கூடுதல் பொறுப்பு.

வயலுக்கு எப்போது போவது? போகவில்லை. போன வருஷத்து அடங்கலை வைத்து இந்த வருஷத்தை எழுதினார். இப்படிப் பழைய ஏட்டைப் பார்த்தெழுதிய அடங்கலைக் கண்டுபிடிப்பது சுலபம். இரண்டு வருஷமும் பரப்பு ஒரு சென்ட்கூட மாறாமல் இருக்கும். பிளாட் போட்டுக் கல் நட்ட மனையிலும் நெல் விளைந்திருக்கும். போன வருஷம் தரிசாக விட்டு, இந்த வருஷம் நட்டவர்தான் மாட்டிக்கொள்வார். அவர் வயலில் பயிர் முழங்கால் உயரம் நிற்கும், ஏட்டில் ‘தரிசு’ என்றிருக்கும். அந்த ஒரு சொல்லுக்காகக் காப்பீடும் நிற்கும், பிறகு கொள்முதல் நிலையத்தில் மூட்டையும் நிற்கும். அந்த ஊரிலும் ஒருவருக்கு இதுதான் நடந்தது. வி.ஏ.ஓ. அவரோடு வரப்பில் நடந்துபோய்ப் பார்த்துத் திருத்திக் கொடுத்தார். அந்தப் பருவத்தில் அவர் கால்வைத்த ஒரே வயல் அது.

2024 இறுதியில் பயிர்க் கணக்கை செல்போனில் படத்தோடு ஏற்றும் டிஜிட்டல் சர்வே வந்தது. இருக்கிற சுமையோடு இது முடியாது என்று வி.ஏ.ஓ. சங்கங்கள் மறுத்தன. அதனால் வேளாண் கல்லூரி மாணவர்களை வயலில் இறக்கியது அரசு.