காலை 11 மணிக்கு மணி அடிக்கும்

"வரும் புதன்கிழமை காலை 11 மணிக்குத் தீ விபத்து ஒத்திகை நடைபெறும். மணி அடித்ததும் அனைவரும் படிக்கட்டு வழியாக இறங்கி, கூடுமிடத்துக்கு வரவும்." பல அலுவலகங்களின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுவது இவ்வளவுதான். எந்தப் படிக்கட்டு, எந்தக் கூடுமிடம், வந்தவர்களை யார் எண்ணுவது என்று ஒரு வார்த்தை இருக்காது.

பெங்களூரு கார்ல்டன் டவர்ஸில் 2010 பிப்ரவரியில் தீப்பிடித்தபோது ஒன்பது பேர் இறந்தார்கள். பல நிறுவனங்கள் இயங்கிய அலுவலகக் கட்டடம் அது. புகை மேல்மாடிகளை நிறைத்தது; அவசர வழிகள் சரியாகத் திறந்திருக்கவில்லை; ஜன்னல் வழியாகக் குதித்தவர்களும் உண்டு. ஒத்திகையின் முதல் பலனே இதுதான்: எந்தக் கதவு பூட்டிக் கிடக்கிறது, எந்தப் படிக்கட்டில் பழைய நாற்காலிகளை அடுக்கியிருக்கிறார்கள் என்பது நல்ல நாளிலேயே தெரிந்துவிடும். கார்டு தேய்த்துத் திறக்கும் கதவுகள் மணி அடித்ததும் தானாகத் திறந்துகொள்ள வேண்டும். அதையும் அன்றைக்குத்தான் சோதித்துப் பார்க்க முடியும்.

ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் மூன்றாவது மாடிக்கான அறிவிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று பார்ப்போம். "கிழக்குப் பக்கம் உட்காருபவர்கள் 'அ' படிக்கட்டு, மேற்குப் பக்கத்தினர் 'ஆ' படிக்கட்டு. கூடுமிடம்: பின்புற வாகன நிறுத்தத்தில் பச்சைப் பலகை உள்ள இடம். அங்கே புகை வந்தால் தெற்கு வாசலுக்கு வெளியே உள்ள மைதானம்." இரண்டு கூடுமிடம் எதற்கு என்றால், காற்று எந்தப் பக்கம் வீசும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. முகப்பு வாசலில் மட்டும் கூட்டத்தை நிறுத்தக் கூடாது. தீயணைப்பு வண்டி வரும் வழி அது. மேலிருந்து கண்ணாடி உடைந்து விழும் இடமும் அதுதான்.

ஊழியர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழ வேண்டும்; மடிக்கணினிப் பையைத் தேடக் கூடாது; லிஃப்ட் பக்கம் போகக் கூடாது; கடைசியாக வெளியேறுபவர் கதவைச் சாத்த வேண்டும், ஆனால் பூட்டக் கூடாது. சாத்திய கதவு புகையைச் சிறிது நேரமாவது தடுத்து நிறுத்தும்.

வார்டனின் வேலைதான் கடினம். மாடிக்கு ஒரு வார்டன், அவர் விடுப்பில் இருந்தால் பார்த்துக்கொள்ள ஒரு துணை வார்டன். இருவர் பெயரும் அறிவிப்பில் இருக்க வேண்டும். கழிப்பறை, பேன்ட்ரி, மீட்டிங் அறை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு வார்டன் கடைசியாக இறங்குவார். மூடிய கதவைத் திறக்குமுன் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். சுட்டால் திறக்க மாட்டார். படி இறங்க முடியாதவர்களுக்கு உதவ இரண்டு பேரை முன்பே நியமித்திருக்க வேண்டும். மணி அடித்த பிறகு ஆள் தேடினால் எல்லாரும் படிக்கட்டில் இருப்பார்கள்.

ஒத்திகை தடுமாறுவது பெரும்பாலும் கீழே வந்த பிறகுதான். மூன்றாவது மாடி வருகைப் பட்டியலில் 60 பேர் என்று வைத்துக்கொள்வோம். கூடுமிடத்தில் எண்ணினால் 58. ஒருவர் அரை நாள் விடுப்பில் போயிருக்கிறார், பட்டியலில் அடிக்கவில்லை. இன்னொருவர் ஒத்திகைதானே என்று பின் கேட் வழியாக டீக்கடைக்குப் போய்விட்டார். நிஜத் தீயாக இருந்தால், கடையில் டீ குடித்துக்கொண்டிருப்பவரைத் தேடித் தீயணைப்பு வீரர்கள் புகைக்குள் நுழைவார்கள். நேர்மாறான சிக்கலும் உண்டு. ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்கள், ஏ.சி. பழுதுபார்க்க வந்தவர், நேர்காணலுக்கு வந்தவர் யாரும் அந்த 60-இல் இல்லை. உள்ளே சிக்கினாலும் அவர்களைக் கேட்க ஆளில்லை. அதனால் வரவேற்பில் இருக்கும் காவலர் பார்வையாளர் பதிவேட்டையும் ஒப்பந்தப் பணியாளர் பட்டியலையும் கையோடு எடுத்து வர வேண்டும் என்று அறிவிப்பிலேயே எழுதிவிடுவது நல்லது. "மூன்றாவது மாடி, 60-இல் 58, இருவரைக் காணவில்லை" என்று வார்டன் சொன்னால் போதும். பெயரும் கடைசியாகப் பார்த்த இடமும் சேர்ந்தால் இன்னும் நல்லது.

நேரத்தை முன்கூட்டிச் சொல்லலாமா? முதல் ஒத்திகைக்குச் சொல்லத்தான் வேண்டும். இல்லாவிட்டால் படிக்கட்டில் தள்ளுமுள்ளு ஏற்படும். பழகிய பிறகு, "இந்த வாரத்தில் ஒரு நாள்" என்று மட்டும் அறிவித்தால் உண்மை நிலவரம் தெரியும். அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்துக்கும் பக்கத்துக் கட்டடத்துக்கும் எப்படியும் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் யாராவது 101-ஐ அழைத்துவிடுவார்கள்.

உங்கள் அலுவலகத்தில் இப்படி ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தால், அதில் உங்கள் மாடி வார்டன் பெயரைப் பாருங்கள். அவர் வேலையை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தால், இன்றைக்கே எச்.ஆர். பிரிவில் சொல்லி மாற்றச் செய்யுங்கள்.