வாரியம் எட்டு மணிக்கு வால்வை மூடினால், வீட்டுக் குழாய் எப்போது நிற்கும்?

சென்னையில் குழாய் இணைப்புப் பணிக்கோ, நெம்மேலி கடல்நீர் சுத்திகரிப்பு நிலையப் பராமரிப்புக்கோ குடிநீர் வாரியம் விநியோகத்தை நிறுத்தும்போது, நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே அறிவிக்கிறது. அதை அப்படியே படியெடுத்து லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுவதோடு பல குடியிருப்போர் சங்கங்கள் வேலையை முடித்துக்கொள்கின்றன. ஆனால் அது வாரியம் வால்வை மூடும் நேரம்தான். தம் வீட்டில் எப்போது தண்ணீர் தீரும் என்பதே குடியிருப்பவருக்குத் தெரிய வேண்டியது.

அதற்குச் சின்னக் கணக்கு ஒன்று போதும். நாற்பது வீடுகள், வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது வழக்கமான அளவுகோல். மொத்தம் 21,600 லிட்டர். சம்ப்பில் 30,000, மாடித் தொட்டியில் 20,000 லிட்டர் நிரம்பியிருந்தால் 48 மணி நேரத்துக்குப் பிறகு 6,800 லிட்டர் மிஞ்சும். சமாளித்துவிடலாம் போலத் தோன்றும். சிக்கல் இனிமேல்தான். சம்ப்பின் அடியில் கிடக்கும் தண்ணீரை மோட்டாரால் இழுக்க முடியாது. வாரியம் வால்வைத் திறந்தாலும் காலியான குழாய்கள் நிரம்பி, கடைக்கோடித் தெருவுக்கு அழுத்தம் வரச் சில மணி நேரம் ஆகும். அறிவிப்பைக் கண்டதும் எல்லோரும் டிரம், வாளி என்று நிரப்பத் தொடங்கினால் நிறுத்தம் ஆரம்பிக்கும் முன்பே தொட்டி பாதியாகிவிடும்.

எனவே நல்ல அறிவிப்பு இப்படி இருக்கும்:

“திங்கள் காலை 8 மணி முதல் புதன் காலை 8 மணி வரை வாரியத் தண்ணீர் வராது. புதன் மாலைக்குள் வந்துவிடும் என எதிர்பார்க்கிறோம். அதுவரை நம் குழாய்களில் காலை 6–8, மாலை 6–7.30 மட்டும் தண்ணீர் விடப்படும். கழிவறைக்கான போர் தண்ணீரைக் கீழ்த்தளக் குழாயில் எந்நேரமும் பிடிக்கலாம். படியேற முடியாத முதியவர்கள் காவலாளியிடம் சொன்னால் வாளி வீட்டுக்கே வரும். செவ்வாய் மாலை 5 மணிக்கு 9,000 லிட்டர் லாரி வரும். சம்ப் மூடி அருகே வண்டி நிறுத்த வேண்டாம்.”

போர் தண்ணீரைப் பற்றிய அந்த ஒரு வரிக்குத்தான் மதிப்பு அதிகம். 135 லிட்டரில் 45 லிட்டர் கழிவறைக்கே போகிறது. அதை மாற்றினால் இந்தக் கட்டடத்துக்கு நாளொன்றுக்கு 7,200 லிட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு லாரித் தண்ணீர் மிச்சம்.

லாரிக்கு முன்னதாகவே வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்துவிட வேண்டும். எல்லோருக்கும் ஒரே நாளில் தேவைப்படும்போது கடைசி நேரத்தில் கிடைப்பது அரிது. விநியோகம் திரும்பியதும் முதலில் வருவது பெரும்பாலும் கலங்கல் நீர். சம்ப் வால்வை மூடி, அதை வெளியே விட்டு, தெளிந்த பிறகே உள்ளே விடுவது நல்லது. சொன்ன நேரம் தாண்டியும் தண்ணீர் வராவிட்டால் வாரியத்தின் புகார் எண் 044-4567 4567. கட்டணமில்லா எண் 1916. இந்த இரண்டையும் அறிவிப்பின் அடியில் பெரிய எழுத்தில் போடுங்கள்.