ஃப்ளட்டரா, நேட்டிவா? பிரிண்டரிடம் தொடங்குங்கள்

மளிகைக் கடைகளுக்கு பில் போடும் ஆப் ஒன்றைச் செய்ய மூன்று பேர் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு சர்வர் வேலை தெரியும். இன்னொருவர் சில ஆண்டுகளாக ஆண்ட்ராய்டு ஆப்கள் எழுதியவர். மூன்றாமவர் படிப்பு முடித்து இப்போதுதான் வேலைக்கு வந்திருக்கிறார். பொருள் பட்டியல், விலை, கடன் கணக்கு, பில், மாதக் கணக்கு என்று இருபத்தைந்து திரைகள் தேவை. பில்லைத் தமிழில் அச்சிட்டுக் கையில் கொடுக்கவும் வேண்டும். வேலையைத் தொடங்கும் முன்பே இந்தக் குழு ஒன்றை முடிவு செய்தாக வேண்டும்: ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் தனித்தனியாக எழுதுவதா, ஃப்ளட்டரில் ஒரே தடவை எழுதுவதா?

தனித்தனியாக எழுதுவதை நேட்டிவ் என்கிறார்கள். ஆண்ட்ராய்டுக்கு கோட்லின் மொழி, ஐபோனுக்கு ஸ்விஃப்ட் மொழி. அந்தந்த நிறுவனம் தரும் கருவிகளைக் கொண்டு எழுதும்போது பொத்தானும் பட்டியலும் அந்த ஃபோனுடையவையாகவே இருக்கும். கூகுள் 2018 டிசம்பரில் முதல் முழுப் பதிப்பாக வெளியிட்ட ஃப்ளட்டரின் வழி வேறு. அதில் டார்ட் மொழியில் ஒரே நிரலை எழுதுகிறோம். ஃபோனிடமிருந்து வெறும் வரைபரப்பை வாங்கிக்கொண்டு எழுத்து, பொத்தான், நிழல் எல்லாவற்றையும் ஃப்ளட்டர் தானே அதில் வரைந்துவிடுகிறது. அதனால்தான் இரண்டு ஃபோன்களிலும் திரை ஒரே மாதிரி தெரிகிறது.

இரண்டையும் ஒப்பிடும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பல குழுக்கள் அதைக் கேட்பதே இல்லை. இந்த ஆப்பை ஐபோனில் யார் பயன்படுத்தப் போகிறார்கள்? கல்லாவில் இருக்கும் ஃபோன்கள் எல்லாம் ஆண்ட்ராய்டு என்றால், ஃப்ளட்டரின் முதன்மையான லாபம் அங்கேயே போய்விடுகிறது. கோட்லின் தெரிந்தவர் ஏற்கெனவே குழுவில் இருக்கும்போது அவரைப் புது மொழிக்கு மாற்ற வேண்டியதில்லை. நேட்டிவாக ஆண்ட்ராய்டுக்கு மட்டும் எழுதிக் கடைகளில் ஓடவிடுவதே சரி. ஐபோன் வேண்டும் என்று ஆசைப்படுவதற்கும், ஐபோன் வைத்திருக்கும் கடைக்காரர் பணம் கொடுத்து வாங்கத் தயாராக இருப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஐபோன் என்று முடிவெடுத்தால் ஒரு மேக் கணினியும், ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலரும் தேவை. ஃப்ளட்டரில் எழுதினாலும் கடைசியில் ஆப்பிளின் எக்ஸ்கோடு வழியாகத்தான் ஐபோன் ஆப்பை உருவாக்க முடியும். இந்தச் செலவை ஃப்ளட்டர் குறைக்காது.

சரி, நம் மூவருக்கும் ஐபோன் கடைகள் உண்மையிலேயே இருக்கின்றன என்று கொள்வோம். இப்போது ஃப்ளட்டர் எங்கே மிச்சப்படுத்துகிறது என்று பார்க்கலாம். இருபத்தைந்து திரைகளும் ஒரே தடவை எழுதப்படுகின்றன. கடன் கணக்கில் வட்டம் போடும் விதி, வரி சேர்க்கும் வரிசை, நெட் இல்லாதபோது பில்லைச் சேமித்துவைத்துப் பிறகு அனுப்பும் முறை எல்லாமே ஒரே இடத்தில் இருக்கும். ஒரு விதியை மாற்றினால் இரண்டு ஃபோனிலும் மாறும். ஆண்ட்ராய்டில் 402 ரூபாய், ஐபோனில் 401 ரூபாய் என்று வரும் வகைப் பிழைக்கே இடமில்லை. திரைகள் நிறைந்த ஆப்களில் இந்த லாபம் பெரியது. பெங்களூருவின் ஜெரோதா நிறுவனம் தன் பங்கு வர்த்தகச் செயலியான கைட்டை முதலில் நேட்டிவாகவும், பிறகு ரியாக்ட் நேட்டிவிலும் எழுதி, அதன்பின் ஃப்ளட்டருக்கு மாறியது. அந்தச் செயலியில் பெரும்பாலும் நடப்பது சர்வரிலிருந்து வரும் எண்களைத் திரையில் காட்டுவதும், பயனர் தரும் உத்தரவைத் திருப்பி அனுப்புவதும்தான். அப்படிப்பட்ட வேலைக்கு ஃப்ளட்டர் மிகப் பொருத்தம்.

நம் பில் ஆப்பும் அதே வகைதான் என்று முதல் பார்வைக்குத் தோன்றும். ஆனால் அதில் ஒரு பிரிண்டர் இருக்கிறது.

கடைகளில் வைத்திருக்கும் சிறிய தெர்மல் பிரிண்டரின் காகித அகலம் 58 மி.மீ. அச்சு விழும் அகலம் 48 மி.மீ. ஒரு மி.மீ.க்கு 8 புள்ளிகள் என்பதால் ஒரு வரிசைக்கு 384 புள்ளிகள். ஆங்கில எழுத்துகள் பிரிண்டருக்குள்ளேயே இருப்பதால் பத்து செ.மீ. நீள ஆங்கில பில்லுக்கு ஆயிரம் பைட்டுக்குள் அனுப்பினால் போதும். தமிழ் எழுத்துகள் அதற்குள் கிடையாது. தமிழ் பில்லைப் படமாக வரைந்து, புள்ளி புள்ளியாகத்தான் அனுப்ப வேண்டும். ஒரு வரிசைக்கு 48 பைட், பத்து செ.மீ.க்கு 800 வரிசை, ஆக மொத்தம் 38,400 பைட்.

இந்த வேலையில் இரண்டு பாதிகள் இருக்கின்றன. பில்லைப் படமாக வரைவது முதல் பாதி. ஃப்ளட்டர் இதில் நன்றாகக் கைகொடுக்கும். ஒரு தமிழ் எழுத்துருவை ஆப்புக்குள்ளேயே வைத்துவிட்டால், ‘கொத்தமல்லி’யின் கொம்பும் காலும் எந்த ஃபோனிலும் இடம் மாறாமல் வரும். திரைக்கு வரையும் அதே கருவியைக் கொண்டு பில்லின் படத்தையும் வரையலாம். நேட்டிவில் இதை இரண்டு தடவை, இரண்டு வெவ்வேறு முறைகளில் எழுத வேண்டும்.

அந்தப் படத்தைப் பிரிண்டருக்கு அனுப்புவது இரண்டாவது பாதி. இங்கே ஒரே நிரல் என்ற வாக்குறுதி நின்றுவிடுகிறது. ஆண்ட்ராய்டில் பழைய வகை புளூடூத் வழியாகப் பிரிண்டரோடு நேராகப் பேசலாம். ஜோடி சேர்த்துவிட்டு பைட்டுகளை வரிசையாகத் தள்ளினால் போதும். ஐபோனில் அந்த வழி சாதாரண பிரிண்டர்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. ஆப்பிளின் சான்று பெற்ற சாதனமாக இருந்தால் மட்டுமே அது திறக்கும். மற்றவற்றுக்கு பிஎல்இ எனப்படும் குறைந்த மின்சக்தி புளூடூத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். பெட்டியில் வெறுமனே ‘புளூடூத்’ என்று போட்டிருக்கும் பிரிண்டரில் பிஎல்இ இருக்கவும் செய்யலாம், இல்லாமலும் போகலாம். வாங்கும்முன் `nRF Connect` போன்ற இலவச ஆப்பை ஐபோனில் திறந்து, பிரிண்டர் பட்டியலில் வருகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. வராவிட்டால் நேட்டிவாக எழுதினாலும் அது ஐபோனில் அச்சடிக்காது.

பட்டியலில் வந்தாலும் வேலை முடிந்துவிடாது. பிஎல்இயில் இரு பக்கமும் பேசி அளவைக் கூட்டிக்கொள்ளாவிட்டால் ஒரு பொட்டலத்தில் 20 பைட்தான் போகும். நம் தமிழ் பில்லுக்கு அது 1,920 பொட்டலம். பதிலுக்குக் காத்திராமல் வேகமாக அனுப்பினால் பிரிண்டரின் சிறிய நினைவகம் நிரம்பி, நடுவில் சில பொட்டலங்கள் தொலைந்துபோகும். இதை அடையாளம் காண்பது எளிது. இரண்டு பொருள் உள்ள பில் சரியாக வரும். இருபது பொருள் உள்ள பில் பாதி வரை சரியாக வந்து, பிறகு கன்னாபின்னா குறிகளாக மாறும். படத்தின் பைட்டுகள் குறைந்துவிட்டதால் கணக்குத் தவறி, மிச்சப் புள்ளிகளைப் பிரிண்டர் எழுத்தாகப் படித்து அடிக்கிறது. சிறுசிறு பகுதியாக, இடைவெளி விட்டோ பதில் வாங்கியோ அனுப்பினால்தான் இது தீரும்.

ஃப்ளட்டரிலிருந்து இப்படி ஃபோனின் உள்பக்கத்தை அழைக்க ஒரு வாசல் உண்டு. டார்ட் பக்கத்தில் அது இவ்வளவுதான்:

```dart
const printer = MethodChannel('shop/printer');
await printer.invokeMethod('printRaster', bytes);
```

இரண்டே வரிதான். ஆனால் அந்தப் பக்கம் கோட்லினில் ஒன்று, ஸ்விஃப்டில் ஒன்று என்று இரண்டு நிரல் காத்திருக்க வேண்டும். ஸ்விஃப்ட் பக்கம் எழுத மறந்துவிட்டால் ஆப் உருவாகும்போது எந்த எச்சரிக்கையும் வராது. கடைக்காரர் அச்சு பொத்தானைத் தொடும்போதுதான் `MissingPluginException` என்று விழும்.

இதையெல்லாம் நாமே எழுதாமல் யாரோ எழுதிய பிளகினை எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். எடுக்கலாம். நானும் அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். ஆனால் பிளகின் என்பது வேறொருவர் ஓய்வு நேரத்தில் எழுதிய அதே கோட்லினும் ஸ்விஃப்டும்தான். ஆண்ட்ராய்டு 12 வந்தபோது புளூடூத்துக்கு `BLUETOOTH_CONNECT` என்ற புது அனுமதி கட்டாயமானது. புதுப்பிக்காத பிளகின்கள் அதைக் கேட்காமலே இணைக்கப் பார்த்துத் தோற்றன. பிறகு ஆண்ட்ராய்டு ஆப்பை உருவாக்கும் கருவியின் 8ஆம் பதிப்பு வந்தது. கைவிடப்பட்ட பல பிளகின்கள் `Namespace not specified` என்ற பிழையோடு நின்றுவிட்டன. பழைய கருவியிலேயே இருந்துவிடலாம் என்றாலும் முடியாது. பிளே ஸ்டோர் ஆண்டுதோறும் புதிய ஆண்ட்ராய்டுக்கு ஏற்ப ஆப்பை மாற்றச் சொல்லும். அதனால் பிளகினைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை பேருக்குப் பிடித்திருக்கிறது என்பதைவிட, கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், பதிலில்லாத புகார்கள் எத்தனை, எழுதியவர் விட்டுவிட்டால் நம்மில் ஒருவரால் அந்த நிரலைப் படித்துத் திருத்த முடியுமா என்பவற்றைப் பார்க்க வேண்டும். மூன்றாவது கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால், குழு சிறியதாக இருக்கும்போது அது பெரிய ஆபத்து.

பெரிய நிறுவனங்களும் இந்த இடத்தில்தான் திணறின. ஏர்பிஎன்பி இரண்டு ஆண்டுகள் ரியாக்ட் நேட்டிவைப் பயன்படுத்திவிட்டு 2018இல் விலகியது. இரண்டு தளம் ஒன்றாகும் என்று எதிர்பார்த்தார்கள். நேட்டிவ் இரண்டும் அப்படியே இருக்க, புதியதும் சேர்ந்து மூன்றாகிவிட்டது. டிராப்பாக்ஸ் இரண்டு ஃபோனுக்கும் பொதுவாக சி பிளஸ் பிளஸில் எழுதியதைக் கைவிட்ட கதையை 2019இல் விளக்கியது. அதில் நமக்குப் பயன்படும் செய்தி, அந்தப் பொது நிரலைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் வெளியேறியபின் அந்த இடங்களை நிரப்புவது கடினமாயிற்று என்பது. மூன்று பேர் குழுவில் ஒருவர் போனால் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. இந்த இரண்டும் ஃப்ளட்டரின் கதைகள் அல்ல. ஏர்பிஎன்பியிடம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பெரிய நேட்டிவ் ஆப் இருந்தது. புதிதாகத் தொடங்கும் குழுவுக்கு அந்தச் சுமை இல்லை.

நம் மூவர் என்ன செய்யலாம்? ஒரு தாளில் இரண்டு பட்டியல் எழுதட்டும். முதல் பட்டியலில் திரைகள். இரண்டாவதில் ஆப் ஃபோனின் உறுப்புகளைத் தொடும் இடங்கள்: பிரிண்டர், பார்கோடு படிக்கும் கேமரா, அறிவிப்பு, பின்னணியில் ஓடும் வேலை. பார்கோடுக்கும் அறிவிப்புக்கும் நன்றாகப் பராமரிக்கப்படும் பிளகின்கள் இருப்பதால் அவற்றுக்கு அதிகம் கவலைப்பட வேண்டாம். இந்த ஆப்பில் கடினமான இடம் பிரிண்டர் ஒன்றுதான். ஆகவே உள்நுழைவுத் திரையை அழகுபடுத்தும் முன், முதல் வாரத்தில் ஃப்ளட்டரில் ஒரே ஒரு பொத்தான் வைத்து, இருபது பொருள் உள்ள தமிழ் பில்லை இரண்டு ஃபோன்களிலிருந்தும் அச்சடித்துப் பார்க்கட்டும். விலை குறைந்த ஆண்ட்ராய்டு ஃபோன் ஒன்று அதில் இருப்பது அவசியம். பத்து பில் தொடர்ந்து அடிக்க வேண்டும், நடுவில் பிரிண்டரை அணைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பில் ஒழுங்காக வந்தால் ஃப்ளட்டரை எடுத்துக்கொள்ளலாம். இருபத்தைந்து திரைகளுக்கு எதிராகக் கடினமான தொடுமிடம் ஒன்றுதான் என்பதால் கணக்கு அதன் பக்கமே சாய்கிறது. பிரிண்டர் பகுதியை மட்டும் ஆண்ட்ராய்டு தெரிந்தவர் கோட்லினில் தன் கையாலேயே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. ஸ்விஃப்ட் பக்கத்தைப் புதியவர் கற்றுக்கொண்டு எழுதலாம். பிஎல்இயில் அனுப்பும் அந்தப் பகுதி சிறியதுதான். இதுவே சரக்கு வண்டியின் இருப்பிடத்தை நாள் முழுவதும் பின்னணியில் பதியும் ஆப்பாக இருந்து, திரைகள் நான்கே நான்கு என்றால், நான் மறுயோசனை இல்லாமல் நேட்டிவைத்தான் சொல்வேன். ஃபோன் கம்பெனிகள் பேட்டரியைக் காக்கப் பின்னணி வேலைகளை நிறுத்துவது, ஐபோனின் இருப்பிட அனுமதி விதிகள் என்று அங்கே வரும் சிக்கல்கள் அனைத்தும் ஃப்ளட்டருக்குக் கீழே இருக்கின்றன. மிச்சமாகும் நான்கு திரைகளின் உழைப்பு அதற்கு ஈடாகாது.