அத்தர் சீசாவும் பட்டுப் புடவையும்

கான்பூர்ப் பக்கத்தில் வாழும் நம்மவர் ஊருக்குப் புறப்படுகையில் கன்னோசி அத்தர் வாங்கிச் செல்வது வழக்கம். சென்ற மே மாதம் தங்கையின் திருமணத்திற்குச் சென்றபோது, 3 மில்லி கொள்ளும் ரோல்-ஆன் சீசா ஒன்றில் வெட்டிவேர் அத்தரைக் கழுத்துவரை நிரப்பிப் பெட்டியில் படுக்க வைத்தேன். ஊரில் திறந்தபோது, அன்னை தந்த பட்டுப் புடவையின் மடிப்பில் ஓர் எண்ணெய்க் கறை! முகூர்த்தத்திற்கு உடுத்த வேண்டிய புடவை அது. கறை தெரியாதபடி மடிப்பை உள்ளே மாற்றிக் கட்டி ஒருவாறு சமாளித்தனர்.

பிழை என்னுடையதே. உஷ்ணம் 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்கு ஏறினால், நிறைந்த சீசாவில் ஏறக்குறைய ஒரு சொட்டு எண்ணெய் விரிந்து வெளியேற வழி தேடும். சீசா படுத்திருந்தால் எண்ணெய் குண்டைச் சூழ்ந்து நிற்கும். உள்ளிருக்கும் சிறிது காற்றும் விரிந்து அதனை வெளியே தள்ளும். நிமிர்ந்திருந்தாலோ, காற்று மேலே நின்று தான் மட்டும் வெளியேறும். ஆகவே 3 மில்லி சீசாவில் இரண்டரை மில்லியே ஊற்றுங்கள், நிமிர்த்தியே வையுங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் பயன்.

பிரயாணத்திற்கு முதல் நாள் ஒரு சோதனையும் செய்யலாம். மூடியை இறுக்கி, சீசாவை வெள்ளைத் தாளில் சுற்றி, வெதுவெதுப்பான இடத்தில் இரவு முழுதும் படுக்க வையுங்கள். காலையில் தாளை வெளிச்சத்தில் பிடித்தால், கசிந்த இடம் கண்ணாடிபோல் ஒளிபுகும். அப்படியாயின் குண்டு தாங்கும் வளையம் சரியாக அமரவில்லை, அல்லது மூடி குண்டை அழுத்தவில்லை. வளையத்தை அழுத்தி அமர்த்தி மறுபடி சோதியுங்கள். மீண்டும் கசிந்தால் சீசாவை மாற்றிவிடுங்கள்.

பூசும் முறையிலும் கசிவுக்குக் காரணம் உண்டு. அத்தரில் சாராயம் இல்லாமையால் அது விரைவில் உலர்வதில்லை. பூசியபின் குண்டின்மேல் நிற்கும் எண்ணெய் மூடியின் மரையில் ஏறி, மெல்ல வெளியே ஊர்ந்து வரும். ஆதலால் மூடுமுன் குண்டையும் கழுத்தையும் துணியால் துடையுங்கள். மணிக்கட்டின் உட்புறத்தில் ஒருமுறை உருட்டினால் போதும். மற்ற மணிக்கட்டை அதில் ஒற்றிக்கொள்ளலாம். வியர்வையின்மேல் உருட்டினால் அழுக்கு உள்ளே போகும். பட்டிலும் வெள்ளைச் சட்டையிலும் நேரே பூசுதல் ஆகாது. குளிர்காலத்தில் அத்தர் தடித்துக் குண்டு சுழலாவிடில், அழுத்தித் தேய்க்காமல் சீசாவை உள்ளங்கையில் சிறிது நேரம் வைத்துச் சூடேற்றுங்கள்.

குண்டில்லாச் சிறு கண்ணாடிக் குப்பியாயின், மூடியோடு இணைந்த கண்ணாடிக் குச்சியைக் குப்பியின் விளிம்பில் வழித்துவிட்டுத் தொடுங்கள்.

இப்பொழுது நான் சீசாவைப் பஞ்சில் சுற்றிச் சிறு தகர டப்பாவில் நிமிர்த்தி வைத்து, கைப்பையிலேயே எடுத்துச் செல்கிறேன். சட்டைப் பையில் வைப்பதில்லை. குனிந்தால் அது கவிழும், உடற்சூடும் சேரும். புடவைப் பெட்டிக்குள் மட்டும் அதனை ஒருபோதும் விடுவதில்லை.